73 கவர் லெட்டர்களும் ஒரு வெள்ளைப் பக்கமும்

நவம்பரில் தொடங்கி மார்ச் கடைசி வரை, ஐந்து மாதத்தில் 73 கம்பெனிகளுக்கு ஜூனியர் ஃப்ரண்ட் எண்ட் டெவலப்பர் வேலை கேட்டு எழுதினேன். தேதி, கம்பெனி, பதில் வந்ததா என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்ததால் எண்ணிக்கை சரியாகத் தெரியும். பதில் என்ற கட்டத்தில் பெரும்பாலும் கோடுதான் இருந்தது. எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, வீட்டிலேயே உட்கார்ந்து எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், அப்புறம் ரியாக்ட் என்று படித்தேன். எங்கள் வீட்டில் இந்த வேலைக்கு யாரும் போனதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. அதனால் நான் செய்த தப்பு என்னவென்று தெரியவே ஐந்து மாதம் ஆகிவிட்டது. அது தெரியவந்த விதத்தை எழுதி வைத்தால், இதே இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காவது அந்த ஐந்து மாதம் மிச்சமாகும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ரெஸ்யூமும் கவர் லெட்டரும் எழுதித் தருகிறேன் என்ற ஒருவரிடம் 2,500 ரூபாய் கொடுத்தேன். போர்ட்ஃபோலியோ பக்கத்துக்கு ஒரு ரெடிமேட் டிசைன் 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். நேரில் வரச் சொன்னார்களென்று பெங்களூருக்கு இரண்டு தடவை போய் வந்ததில் சாப்பாட்டோடு 900. மொத்தம் 4,600 ரூபாய். அப்பா தக்காளி போட்ட காசு அது. விலை இறங்கிக் கிடந்த நேரத்தில் கேட்டு வாங்கினேன் என்பது இன்னமும் உறுத்துகிறது.

அந்த 2,500 ரூபாய் கவர் லெட்டர் ஒரு முழுப் பக்கம். மதிப்பிற்குரிய ஐயா அம்மா என்று தொடங்கும். நான் கடின உழைப்பாளி, புதிதாகக் கற்றுக்கொள்வதில் பேரார்வம் கொண்டவள், குழுவோடு இணைந்து வேலை செய்வேன், உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவேன் என்று போகும். நடுவில் ரியாக்ட், நோட், மோங்கோ, பைத்தான், ஜாவா என்று பதினொரு பெயர்கள். கடைசியில் என் போர்ட்ஃபோலியோவைப் பாருங்கள் என்று மூன்று லிங்க். இதை பிடிஎஃப் ஆக்கி, மெயிலில் இணைத்து, மெயிலுக்குள் ‘இணைப்பைப் பார்க்கவும்’ என்று மட்டும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை முந்தைய கம்பெனியின் பெயரை மாற்றாமலே அடுத்த கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பிய மறுநிமிடம் தெரிந்தது. அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ஆனால் அது பெரிய தப்பு இல்லை. பெரிய தப்பு அந்த மூன்று லிங்கில் இருந்தது.

மார்ச் கடைசியில் ஓசூரில் இருக்கும் ஒரு சின்ன கம்பெனியிலிருந்து பதில் வந்தது. இரண்டே வரி. ‘உங்கள் முதல் லிங்க் உங்கள் கம்ப்யூட்டரையே காட்டுகிறது, இங்கே திறக்காது. இரண்டாவது வெறும் வெள்ளையாக வருகிறது, சரி பார்த்துக்கொள்ளுங்கள்.’ அந்த மனிதருக்கு இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. எழுதினார். நான் உடனே லேப்டாப்பில் முதல் லிங்கைத் திறந்தேன், நன்றாக வந்தது. இவர் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று எரிச்சல்கூட வந்தது. அப்புறம் சித்தி மகனின் போனை வாங்கி, அதில் மூன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதலாவது திறக்கவில்லை. இரண்டாவது வெள்ளை. மூன்றாவது ஒரு நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்து, அப்புறம் வந்தது. திண்ணையில் உட்கார்ந்து அழுதேன். 73 பேரில் லிங்கைத் தொட்ட ஒவ்வொருவருக்கும் இதுதானே வந்திருக்கும்!

மூன்றிலும் என்ன நடந்தது என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஃப்ரெஷர்கள் நிறையப் பேருக்கு இதேதான் நடக்கிறது. முதல் லிங்க் `http://localhost:5173`. ப்ராஜெக்டை ஓடவிட்டதும் பிரவுசரில் மேலே தெரிந்த முகவரி, அதையே நகலெடுத்து லெட்டரில் போட்டுவிட்டேன். லோக்கல்ஹோஸ்ட் என்றால் ‘இந்தக் கம்ப்யூட்டரிலேயே’ என்று அர்த்தம். என் லேப்டாப்பில் அந்த ப்ராஜெக்ட் ஓடிக்கொண்டிருந்ததால் எனக்குத் திறந்தது. ஓசூரில் ஒருவர் அதை அழுத்தினால் அவருடைய பிரவுசர் அவருடைய கம்ப்யூட்டரிலேயே தேடும், அங்கே ஒன்றும் இருக்காது.

இரண்டாவதுதான் கண்டுபிடிக்கக் கஷ்டம். அது கிட்ஹப் பேஜஸில் போட்டிருந்த தக்காளிக் கணக்குப் பக்கம். முதலில் சாதாரண எச்டிஎம்எல்லாகச் செய்து ஏற்றியபோது நன்றாக வந்தது. அப்புறம் அதையே ரியாக்டுக்கு மாற்றி, விட் என்ற கருவியை வைத்து பில்டு செய்து ஏற்றினேன். கிட்ஹப்பில் பச்சை டிக் விழுந்தது. வேலை முடிந்தது என்று நினைத்து, அதற்கப்புறம் அந்த முகவரியை நான் திறந்தே பார்க்கவில்லை. அந்த வெள்ளைப் பக்கத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. பிரவுசரின் டேபில் பக்கத்தின் பெயர் சரியாக இருக்கும், உள்ளே மட்டும் ஒன்றும் இருக்காது. அதாவது எச்டிஎம்எல் வந்துவிட்டது, ஜாவாஸ்கிரிப்ட் வரவில்லை. கம்ப்யூட்டரில் F12 அழுத்தி கன்சோலைப் பார்த்தால் `/assets/` என்று தொடங்கும் ஒரு ஃபைலுக்கு 404 என்று சிவப்பாக நிற்கும். கிட்ஹப் பேஜஸில் ஒரு ப்ராஜெக்டின் முகவரி, நம் பெயர் உள்ள `github.io` முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு ப்ராஜெக்டின் பெயரோடு வரும். ஆனால் நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், பக்கம் முகவரியின் உச்சியிலேயே இருக்கிறது என்று விட் எடுத்துக்கொள்ளும். ஃபைல்கள் ப்ராஜெக்ட் பெயருக்குள் இருக்க, பக்கம் அதற்கு வெளியே தேடுகிறது. நம் லேப்டாப்பில் உச்சியிலேயே ஓடுவதால் அங்கே எப்போதும் சரியாகத்தான் வரும். இதற்கு மருந்து `vite.config.js` ஃபைலில் `base` என்று தொடங்கும் ஒரே வரி:

```js
export default defineConfig({
  base: '/thakkali-kanakku/',
  plugins: [react()],
})
```

ப்ராஜெக்டின் பெயரை முன்னும் பின்னும் சாய்கோடு போட்டு எழுத வேண்டும். மறுபடி பில்டு செய்து ஏற்றினேன், சித்தி மகன் போனில் பக்கம் வந்தது. ஆனால் மேலே இருக்க வேண்டிய படம் வரவில்லை. கோடில் `tomato.jpg`, ஃபைலின் பெயர் `Tomato.JPG`. விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பொருட்படுத்தாது. கிட்ஹப் பேஜஸுக்கு அவை இரண்டும் வெவ்வேறு ஃபைல். பெயரை மாற்றியதும் படமும் வந்தது.

மூன்றாவது லிங்க், வீடியோ பார்த்து அப்படியே செய்த ஒரு சினிமா செயலியின் நகல். அதன் சர்வரை இலவசமாகத் தரும் ஓர் இடத்தில் போட்டிருந்தேன். யாரும் கொஞ்ச நேரம் வராவிட்டால் அந்த சர்வர் தூங்கிவிடும். அடுத்து வருகிறவர் அது எழுந்திருக்கும் வரை காத்திருக்க வேண்டும். வேலை கொடுப்பவர் ஒருவர் என் சுற்றும் வட்டத்தை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு இருப்பாரா? அதைவிட ஒரு காரணத்துக்காக அந்த ப்ராஜெக்டையே போர்ட்ஃபோலியோவிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த ஐந்து மாதத்தில் எனக்கு ஒரே ஒரு போன் இன்டர்வியூ வந்தது. பேசியவர் அந்த நகலின் கோடைத் திறந்து வைத்துக்கொண்டு, ‘இந்த `useEffect` கடைசியில ஒரு காலி அரே இருக்கே, அது இல்லன்னா என்ன ஆகும்?’ என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வீடியோவில் போட்டார், நானும் போட்டேன், அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் திரை புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருப்பது மறுபடி மறுபடி ஓடும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அதனால் இதை உறுதியாகச் சொல்கிறேன், ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாத ப்ராஜெக்டை லெட்டரில் போடாதீர்கள். இரண்டே இருந்தாலும் போதும். எனக்கு மிஞ்சியதும் இரண்டுதான். பாலக்கோடு பஸ் நேரங்களை எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் மட்டும் வைத்துச் செய்த ஒரு பக்கம், அப்புறம் அந்தத் தக்காளிக் கணக்கு.

தக்காளிக் கணக்கு அப்பாவுக்காகச் செய்தது. மண்டிக்கு எத்தனை கிரேட் போனது, விலை என்ன, கமிஷன், வண்டி வாடகை எல்லாம் போட்டால் கைக்கு எவ்வளவு வரும் என்று காட்டும். சரியான பிறகு முதல் தடவையாக அப்பாவின் போனில் திறந்து, அவரையே போடச் சொன்னேன். முதல் தரம் 40 கிரேட், 450 ரூபாய். இரண்டாம் தரம் 12 கிரேட், 300 ரூபாய். கமிஷன் 10 சதவீதம். வண்டி கிரேட்டுக்கு 20 ரூபாய். அப்பா பார்த்துவிட்டு, ‘ஏம்மா, இது என்னா? நாந்தான் மண்டிக்கு அறுபதாயிரம் தரணும்னு சொல்லுது?’ என்றார். வாங்கிப் பார்த்தேன். மொத்தக் கிரேட் 4012 என்று இருந்தது. கைக்கு வருவது மைனஸ் 60,800.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்த லெட்டரின் நடுப்பகுதி இதுதான். ஒரு கட்டத்தில் நாம் எண் தட்டினாலும் ஜாவாஸ்கிரிப்டுக்கு அது எழுத்தாகத்தான் போய்ச் சேரும். பெருக்கும்போது ஜாவாஸ்கிரிப்ட் அதைத் தானே எண்ணாக மாற்றிக்கொள்ளும். அதனால் 40 பெருக்கல் 450 சரியாக 18,000 வந்தது, 12 பெருக்கல் 300 சரியாக 3,600 வந்தது, இரண்டும் சேர்ந்து 21,600 என்பதும் சரி, கமிஷன் 2,160 என்பதும் சரி. ஆனால் கூட்டும்போது மாற்றாது. இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் கூட்டல் குறி வந்தால் ஒட்டிவிடும். 40-ம் 12-ம் ஒட்டி 4012 ஆனது. வண்டி வாடகை அந்த 4012-க்கு 80,240 என்று ஏறிவிட்டது. நான் சோதித்தபோதெல்லாம் ஒரே தரம் மட்டும் போட்டுப் பார்த்ததால் ஒட்டுவதற்கு இரண்டாவது எண்ணே இல்லை, தப்பும் தெரியவில்லை.

```js
const mothaCrate = Number(tharam1) + Number(tharam2)
```

இப்படி மாற்றியதும் 52 கிரேட், வண்டி 1,040, கைக்கு 18,400 என்று வந்தது. அப்பா பழைய மண்டிச் சீட்டை எடுத்து வந்து இன்னும் மூன்று நாள் கணக்கைப் போட்டுப் பார்த்தார். மூன்றும் சரியாக வந்தது.

ஏப்ரலில் ஊருக்கு வந்திருந்த ஓர் அக்கா, பெங்களூரில் டெஸ்டிங் வேலையில் இருப்பவர், என் பழைய லெட்டரைப் படித்தார். ‘இதுல நீ என்ன செஞ்சேன்னு எங்கடி இருக்கு?’ என்று கேட்டார். தக்காளிக் கதையைச் சொன்னேன். ‘அதை எழுது. அவ்ளோதான்’ என்றார். அன்று மத்தியானம் எழுதியதுதான் புது லெட்டர். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன். கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்யும் ஒரு கம்பெனிக்கு எழுதியது.

> பொருள்: ஜூனியர் ஃப்ரண்ட் எண்ட் டெவலப்பர் பணிக்கு விண்ணப்பம்
>
> வணக்கம். உங்கள் அறிவிப்பில், இந்த வேலையில் பெரும்பாலும் ஃபார்ம்களும் கணக்குத் திரைகளும் வரும் என்று எழுதியிருந்தீர்கள். நான் செய்த சிறிய வேலை ஒன்று அந்த வகையைச் சேர்ந்தது என்பதால் விண்ணப்பிக்கிறேன்.
>
> தக்காளி மண்டிக்குப் போன கிரேட், விலை, கமிஷன், வண்டி வாடகை கொடுத்தால் விவசாயியின் கைக்கு வரும் தொகையைக் காட்டும் பக்கம் இது: (லிங்க்). ரியாக்டில் செய்தது. 40, 12 என்று இரண்டு தரம் போட்டபோது மொத்தம் 4012 என்று வந்தது. கட்டத்தில் இருந்து வருவது எழுத்து என்பதைக் கவனிக்காமல் கூட்டியதுதான் காரணம். திருத்திவிட்டு, மண்டிச் சீட்டுகளோடு ஒப்பிட்டுச் சரி பார்த்தேன். என் அப்பா அதை இப்போது பயன்படுத்துகிறார். கோடு இங்கே: (லிங்க்).
>
> எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் நன்றாகத் தெரியும். ரியாக்டில் சிறிய பக்கங்கள் தனியாகச் செய்வேன். டைப்ஸ்கிரிப்ட் இப்போதுதான் படிக்கிறேன். ஆட்டோமேட்டட் டெஸ்ட் எழுதியதில்லை.
>
> பாலக்கோட்டில் இருக்கிறேன். ஓசூருக்கோ பெங்களூருக்கோ ஒரு வாரத்தில் வந்து தங்க முடியும்.

இவ்வளவுதான். பிடிஎஃப் ஆக்காமல் மெயிலுக்குள்ளேயே எழுதினேன், ரெஸ்யூமை மட்டும் இணைத்தேன். ஒருவர் போனில் மெயிலைத் திறந்தாலே லெட்டரைப் படித்து, அங்கிருந்தே லிங்கைத் தொடலாம். முதல் பத்தியை மட்டும் ஒவ்வொரு கம்பெனிக்கும் புதிதாக எழுதினேன். அவர்கள் அறிவிப்பில் இருந்து ஒரு வரியை எடுத்து, என்னிடம் இருக்கும் எது அதோடு பொருந்துகிறது என்று யோசித்தேன். ஒன்றுமே பொருந்தாவிட்டால் அந்தக் கம்பெனிக்கு எழுதவில்லை. இதனால் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் அனுப்ப முடியவில்லை. தப்பைத் தானே சொல்லிக்கொண்டால் குறைத்து எடை போடுவார்களோ என்று நான் பயந்தேன். அக்காதான், ‘ஃப்ரெஷர் தப்பு பண்ணுவாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். கண்டுபிடிக்கத் தெரியுமான்னுதான் பாப்பாங்க’ என்றார். தெரியாததைச் சொன்ன வரி எனக்கு இன்னொரு விதத்திலும் உதவியது. பின்னால் வந்த இன்டர்வியூக்களில் பைத்தானும் ஜாவாவும் யாரும் கேட்கவில்லை. கேட்டால் முழிக்க வேண்டியிருந்த பதினொரு பெயர்களை நானே லெட்டரில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அனுப்புவதற்கு முன்னால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன், இதை மட்டும் விடாமல் செய்யுங்கள். மெயிலை முதலில் எனக்கே அனுப்புவேன். அப்புறம் என்னுடையது அல்லாத ஒரு போனில், வைஃபையை அணைத்துவிட்டு, மெயிலில் இருக்கும் லிங்க் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பேன். வேறு போன் ஏன் என்றால், நம் போனிலும் லேப்டாப்பிலும் நாம் கிட்ஹப்பில் உள்ளே நுழைந்தே இருப்போம். பிரைவேட் என்று வைத்த கோடு நமக்கு மட்டும் திறக்கும், மற்றவர்களுக்கு 404 வரும். வேறு போன் கிடைக்காவிட்டால் பிரவுசரில் இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்தாலும் இது தெரிந்துவிடும். பக்கம் வந்துவிட்டது என்பதோடு நிறுத்தாமல் 40, 12 என்று ஒரு கணக்கையும் போட்டுப் பார்ப்பேன். ஐந்து நிமிட வேலை.

ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசிக்குள் 14 லெட்டர்தான் அனுப்பினேன். ஐந்து பதில் வந்தது. இரண்டு ‘இப்போது ஆள் எடுக்கவில்லை’. ஒன்றில் வீட்டிலிருந்து செய்து தரச் சொல்லி ஒரு சின்ன வேலை கொடுத்தார்கள், அதில் நான் தேறவில்லை. மற்ற இரண்டு இன்டர்வியூ. வேலை கிடைத்தது அந்த பில் மென்பொருள் கம்பெனியில். சம்பளம் பெரிதில்லை, ஆறு மாதம் டிரெய்னி.

அந்த இன்டர்வியூவில் உட்கார்ந்ததும், என்னிடம் கேள்வி கேட்ட மேடம் தன் போனில் என் லிங்கைத் திறந்து, 40, 12 என்று போட்டார். 52 வந்தது. அப்புறம் இரண்டாம் தரக் கட்டத்தில் இருந்ததை அழித்துவிட்டு, ‘காலியா விட்டா?’ என்று கேட்டார். காலி எழுத்தை `Number` பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், அதனால் 40 மட்டும் வரும் என்றேன். ‘அப்ப ஒருத்தர் போட மறந்துட்டார்னா?’ என்றார். அதற்கு என் பக்கத்தில் ஒன்றும் செய்திருக்கவில்லை. இல்லை மேடம், அதை நான் யோசிக்கவில்லை, காலியாக இருந்தால் கட்டத்துக்குக் கீழே ஒரு வரி காட்டலாம் என்று சொன்னேன். பேப்பரும் பேனாவும் கொடுத்து எழுதச் சொன்னார். மீதி இன்டர்வியூ முழுவதும் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேசினோம், அது எப்போது தெரிய வேண்டும், தட்டும்போதேயா, அடுத்த கட்டத்துக்குப் போன பிறகா என்று.

அந்த வரியை அன்று ராத்திரியே சேர்த்து ஏற்றிவிட்டேன். இப்போது அப்பா கழிவுக் கிரேட்டுக்கு ஒரு கட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது மண்டிச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.